மாறும் எண்ணில் ஓர் அஞ்சலகம்

இலவச மின்னஞ்சல் வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு. அடுத்தவன் வீட்டு வாசலில் தன் கடிதங்களைக் கொட்டி வைத்துவிட்டு, அவன் படிக்க மாட்டான் என்று நம்புகிறவர்கள் என்று அவர்களைப் பற்றி நினைப்பேன். நினைப்பதோடு விடாமல் சொல்லவும் செய்வேன். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

சென்னையில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன் நான். ஆலங்குடிக்குத் திரும்பி வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதும் முதலில் செய்த காரியம், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, சொந்தப் பெயரில் ஒரு மெயில் சர்வர் நடத்த ஆரம்பித்தது. எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் அதில் முகவரி. உலகத்திலேயே சிறிய அஞ்சலகம். தபால்காரனும் நான், போஸ்ட் மாஸ்டரும் நான்.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல், எங்கள் இணைய இணைப்பு. இணையத்தில் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி ஓர் எண் உண்டு, ஐ.பி. எண் என்பார்கள்; வீட்டு இணைப்புக்குக் கம்பெனி அதை நிலையாகத் தராது. ஒவ்வொரு முறை ரவுட்டர் அணைந்து எழும்போதும் வேறொரு எண்ணைக் கொடுக்கும். மின்வாரியம் மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்தினால், மாலையில் என் அஞ்சலகம் வேறு முகவரியில் இருக்கும். புது எண்ணை உடனே ஊருக்கு அறிவிக்க ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

ஆனால் எண் மாறுவது பாதித் தொல்லைதான். மீதித் தொல்லை, வீட்டு இணைப்பு எண்கள் எல்லாமே உலகத்தின் பார்வையில் திருட்டு எண்கள் என்பது. யார் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ வைரஸ் புகுந்து குப்பை அஞ்சல் அனுப்பியிருக்கும் என்ற கணக்கில், "இந்த வரிசையிலிருந்து கடிதம் வந்தால் வாங்காதே" என்று பெரிய பட்டியல்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் எண்களைச் சேர்த்துக் கொடுத்ததே எங்கள் கம்பெனிதான். தன் வாடிக்கையாளரைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டு மாதா மாதம் சந்தா வாங்குகிறது. பட்டியலிலிருந்து ஓர் எண்ணை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டு நீக்கி முடிப்பதற்குள் அந்த எண் வேறு ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

இணைப்பு கொடுத்த கேபிள்காரரிடம் நிலையான எண் கேட்டேன். ஃபைபர் வயரைப் பல்லால் கடித்து உரிக்கும் மனிதர். அவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து.

"அண்ணே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. எல்லாம் சரியாயிரும்."

"ஆஃப் பண்ணுறதாலதான்யா பிரச்சினையே."

"அப்ப ரெண்டு தடவ பண்ணிப் பாருங்கண்ணே."

அவரிடம் மேற்கொண்டு பேசுவது வீண் என்று விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையும் கம்ப்யூட்டர் சென்டரும் வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் இன்னொரு வழி சொன்னான். "எதுக்குடா கெடந்து மல்லுக்கட்டுற? வர்ற கடுதாசிய நீயே வாங்கு. போற கடுதாசிய மட்டும் நல்ல பேரு உள்ள ஒரு சர்வர் வழியா அனுப்பு. மாசம் ஒரு சினிமா டிக்கெட் காசுதான்." சரியான யோசனை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. என் கடிதத்தை அனுப்ப இன்னொருத்தன் முத்திரை எதற்கு என்று கேட்டேன். கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை விடுகிறவனெல்லாம் எனக்குப் புத்தி சொல்வதா என்றும் நினைத்தேன்.

என் வழி வேறு. எங்கள் கம்பெனி அண்மையில் வாங்கிய ஒரு வரிசை மட்டும் இன்னும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை என்று கண்டுபிடித்திருந்தேன். ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டால் எப்போதாவது அந்த வரிசையில் ஓர் எண் விழும். விழும்வரை அணைத்துப் போடுவேன். கேபிள்காரரின் மருந்தையே குடித்துக்கொண்டு அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

என் மனைவி வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருடம், காலையில் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய், மாலையில் கைகளில் அமில நெடியோடு திரும்பி வந்து முடித்த படிப்பு அது. அதன் பிறகு உள்ளூர்த் தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இடம் ஒன்று காலியானது. அவள் படித்த பிரிவிலேயே ஓர் இடம். விண்ணப்பத்தில் நம் வீட்டு அஞ்சலக முகவரியைத்தான் போட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சொந்தப் பெயரில் முகவரி இருந்தால் மதிப்பாக இருக்கும் என்றேன். போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. புதன்கிழமை நேர்காணல். அழைத்திருப்பது ஐந்தே பேரை. வருவதை இன்று மாலை ஐந்துக்குள் மின்னஞ்சலில் உறுதிப்படுத்த வேண்டும். அவள் பள்ளியிலிருந்து எனக்கு ஃபோன் செய்தபோது குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்கும் குரலை நான் அதற்கு முன் அவளிடம் கேட்டதில்லை. இரண்டு வரிப் பதிலை அவளே ஃபோனில் எழுதி எங்கள் சர்வர் வழியாக அனுப்பினாள். அரை நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. வீட்டு இணைப்பு எண்ணிலிருந்து வரும் அஞ்சலை ஏற்பதில்லை என்று கல்லூரி சர்வர் பதில் சொல்லியிருந்தது.

மதியம் வேலைக்கு நடுவே எழுந்து ரவுட்டரை அணைத்தேன், போட்டேன். பழைய வரிசையிலேயே ஓர் எண். மறுபடி. அதே வரிசை. மூன்றாம் முறை புது வரிசை விழுந்தது. பட்டியல்களில் தேடினேன், எதிலும் இல்லை. அவள் கடிதத்தைத் திரும்ப அனுப்பினேன். கல்லூரி சர்வர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. இருநூற்றைம்பது என்ற எண் என் சர்வரின் பதிவேட்டில் விழுந்தது. பெற்றுக்கொண்டேன் என்று ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் சொல்லும் முறை அது.

மாலை நான்கரைக்கு அவள் வந்ததும் கேட்டாள். "போயிருச்சாங்க? நான் எதுக்கும் ஆபீசுக்கு ஒரு ஃபோன் அடிச்சுக் கேட்டுரவா?"

"எதுக்கு? வாங்கிட்டேன்னு அவன் சர்வரே சொல்லிருச்சு. ஃபோன் பண்ணி நம்ம தரத்த நாமளே கொறச்சுக்கணுமா?"

அவள் ஃபோனைக் கீழே வைத்தாள்.

அன்று நடந்ததை இப்போது விளக்கமாகச் சொல்ல முடிகிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு கரண்ட் கட்டே இல்லாமல் ஒரே எண் நாற்பது நாள் நிலைத்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிலையான எண்ணே கிடைத்துவிட்ட மாதிரி மிதப்பில், என் பெயருக்குரிய எண்ணை ஒரு முறை கேட்ட வெளிச் சர்வர்கள் ஒரு நாள் முழுக்க அதையே நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பை மாற்றியிருந்தேன். முன்பு அது ஐந்து நிமிடமாக இருந்தது. இன்னொரு அறிவிப்பும் என் பெயரில் இருந்தது. இந்த எண்ணிலிருந்து வருவது மட்டுமே என் கடிதம், வேறு எங்கிருந்து வந்தாலும் அது போலி, நம்பாதே என்று. கறாராக எழுதியிருந்தேன். தளர்வாக எழுதுகிறவர்கள் கோழைகள் என்பது என் கட்சி.

காலையில் அவளுக்குக் கடிதம் அனுப்பும்போது கல்லூரி சர்வர் என் எண்ணைக் கேட்டு, நான் சொன்னபடியே ஒரு நாளைக்கு நினைவில் வைத்துக்கொண்டது. மதியம் புது எண்ணிலிருந்து அவள் பதில் போனது. நினைவில் இருந்த எண் வேறு. நான் எழுதி வைத்த கறாரான விதியின்படியே அவள் கடிதம் போலி என்று முடிவு கட்டி, வாங்கிய கையோடு ஸ்பாம் என்னும் குப்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டது. அந்தச் சர்வர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. நான் சொன்னதைத்தான் செய்தது.

அதோடும் முடியவில்லை. பதில் வராததைப் பார்த்த அலுவலகத்தார் ஐந்து மணிக்கு நினைவூட்டல் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். நாளை காலை பத்து மணிவரை பார்ப்போம், இல்லையென்றால் அடுத்தவரை அழைப்போம் என்று. அதுவும் என் பழைய எண்ணுக்கே போயிருக்கிறது. அந்த எண் அந்நேரம் ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ யார் வீட்டிலோ சீரியல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கும். வாங்க ஆளில்லாமல் கடிதம் கல்லூரியிலேயே வரிசையில் காத்திருந்து, திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து, ஒரு நாள் நினைவு தீர்ந்த பிறகு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த நினைவூட்டலை முதலில் படித்தவன் நான்.

அவள் பள்ளியில் இருந்தாள். அவளிடம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். பதிவேட்டை நான்கு பக்கம் அச்சடித்துக் கையில் வைத்திருந்தேன். அலுவலகத்தில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். நான் இருநூற்றைம்பதைப் பற்றிச் சொன்னேன். வீட்டு எண்களைப் பற்றி, பட்டியல்களைப் பற்றி, சிறு சர்வர்களை யாரும் மதிக்காததைப் பற்றிச் சொன்னேன். என் குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே கேட்டது.

அவர் கம்ப்யூட்டரில் எதையோ திறந்து பார்த்தார். "ஆமா சார், இந்தா கெடக்கு, ஸ்பாம்ல. நேத்து மத்தியானம் வந்துருக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு ஃபோன் பண்ணிருக்கலாமே சார். அந்தப் பொண்ணுகிட்ட ஃபோன் இல்லையா? பத்து மணிக்கு அடுத்த ஆளக் கூப்பிட்டாச்சு. அவங்களும் வாரேன்னு சொல்லிட்டாங்க. இப்ப அவங்கள வேணாங்க முடியாதுல்ல?"

நான்கு பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் ஒவ்வொருவரையாகத் திட்டிக்கொண்டே வந்தேன். கம்பெனியை, பட்டியல் போடுகிறவர்களை, கேபிள்காரரை. ஊருக்குத் திரும்பும் கைகாட்டியைத் தாண்டியதும் திட்ட ஆள் தீர்ந்துவிட்டது. மிஞ்சியவன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்குக் கட்ட எடுத்து வச்ச சேலைய பீரோவுல வச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள். மறுநாளே அறிவிப்பை ஐந்து நிமிடத்துக்கு மாற்றினேன். தோழன் சொன்னபடி வெளியே போகும் கடிதங்களை வேறு சர்வர் வழியாக அனுப்ப ஏற்பாடு செய்தேன். இப்போது எல்லாம் சரியாகப் போகிறது, யார் ஸ்பாமிலும் விழுவதில்லை. இதை அவளிடம் ஒரு தேர்ச்சி அறிக்கை போல வாசித்துக் காட்டினேன். தலையாட்டினாள்.

மூன்று மாதம் கழித்துத் திருச்சியில் ஒரு கல்லூரி விளம்பரம் செய்தது. அவள் பூர்த்தி செய்த விண்ணப்பம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மின்னஞ்சல் என்ற இடத்தில், நான் பல வருடமாக இளக்காரம் செய்துவந்த இலவச முகவரி ஒன்றைத் தெளிவான எழுத்தில் எழுதியிருந்தாள்.

"இப்பத்தான் நம்ம சர்வர் சரியாப் போகுதே. நம்ம முகவரியப் போடலையா?"

அவள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "எனக்கு வேலை வேணுங்க."