படத்தின் வலது ஓரம்

இருபத்தெட்டு வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர் பாட்டி. ஓய்வு பெற்று, வெளிநாட்டில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் மாடிப்படியில் யாராவது வழியை அடைத்துக்கொண்டு நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரலுக்கு நகராத ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை.

ஊரில் இருக்கும் மூத்த மகளின் பையனுக்கு இருபத்தாறு வயது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவின் பேண்டு வாத்தியக் குழுவில் டிரம் அடிப்பான். இந்த வருடத் திருவிழா ஊர்வலத்தில்தான் முதல் முறையாகக் குழுவோடு நடந்து போய் வாசித்திருந்தான். யாரோ எடுத்த போட்டோவைப் பாட்டிக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"எப்படி இருக்கு பாட்டி?"

"ரொம்ப அழகா இருக்கு ராசா. எல்லாரும் ஒரே சிரிப்பு."

"அழகா இருக்குன்னு பத்து பேர் சொல்லிட்டாங்க. என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல."

பாட்டிக்குச் சுருக்கென்றது.

"நெரிசல்ல டிக்கெட் எடுக்காதவனை ஒரு பார்வையில கண்டுபிடிப்பியே, அந்தக் கண்ணால பாரு. ஃபோன்ல சொன்னா காத்தோட போயிடும். எழுதி அனுப்பு. வேணுங்கிறப்ப எல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குவேன்."

மறுநாள் காலையில் மகளை விரட்டிப் படத்தைப் பெரிய தாளில் அச்சுப்போட்டு வாங்கி, சமையலறை மேஜையில் விரித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி. 'அன்புள்ள பேரனுக்கு' என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது? படம் ஒரே நேரத்தில் மொத்தமாகக் கண்ணில் விழுகிறது. எழுத்து ஒன்றன்பின் ஒன்றாகத்தானே போகும்.

யோசித்துப் பார்த்தார். பேருந்தில் ஏறினால் முதலில் மொத்தக் கூட்டத்தையும் ஒரு பார்வை. அப்புறம் முன்னாலிருந்து பின்னால், வரிசை வரிசையாக. அதே வழிதான் இதற்கும்.

'இது அகலமான படம். மாடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள், உங்கள் தலைகளை மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. நீங்கள் எல்லோரும் படம் எடுப்பவரை நோக்கி நடந்து வருகிறீர்கள். நிழல் நீளமாக விழுகிறது, அதனால் சாயங்காலம் என்று நினைக்கிறேன். தெருவுக்குக் குறுக்கே ஐந்து கயிறு கட்டி, காகிதக் கொடிகள் தொங்குகின்றன. மஞ்சளும் நீலமும் மாறி மாறி. நீலம் என்றால் உன் இரண்டாம் வகுப்புப் பையின் நீலம். மூன்றாவது கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்குகிறது.

முன்னால் தனியாக உங்கள் பேண்டு மாஸ்டர். குச்சியை உயர்த்திப் பிடித்திருக்கிறார். சட்டையில் வயிற்றுக்கு நேரே ஒரு பொத்தானைக் காணோம். அவருக்குப் பின்னால் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு பேர்.'

கண்ணில் பட்டதை ஒரு பக்கமும், தானாக யூகித்ததை 'நான் நினைக்கிறேன்' என்று சொல்லி இன்னொரு பக்கமும் வைத்தார். ஓரத்தில் நிற்கும் பெண் அழுகிறாள் என்று முதலில் எழுதி, அடித்துவிட்டு, 'கையால் கண்ணை மறைத்திருக்கிறாள், எதிர்வெயில் என்று நினைக்கிறேன்' என்று மாற்றினார்.

பிறகு பேரனைத் தேடினார். மாஸ்டருக்கு நேர் பின்னால், நடுவில் நிறுத்தியதாகக் குழுவில் சொன்னார்கள் என்று அவனே பெருமையாகச் சொல்லியிருந்தான். நடுவில் இருந்தது ஒரு மீசைக்காரர். பேரன் இரண்டாம் வரிசையின் கடைசியில், படத்தின் வலது ஓரத்தில் இருந்தான். டிரம்மின் ஓரத்தைப் படத்தின் விளிம்பே வெட்டியிருந்தது. அவனுக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் இன்னொருவர் நிற்கிற அளவு இடைவெளி.

மகள் எட்டிப் பார்த்தாள். "அதை எழுதாதம்மா. பாவம், நடுவுல நின்னோம்னு சந்தோஷமா இருக்கான். அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"என்ன இருக்குன்னுதான்டி கேட்டான்."

"மனசு கஷ்டப்படும்."

"படட்டும். நானும் பூசி மெழுகினா பதினோராவது ஆளாயிடுவேன்."

சொல்லிவிட்டாரே தவிர, கை உடனே எழுதவில்லை. ஒரு காபி போட்டுக் குடித்தார். மேஜையைத் துடைத்தார். வலது என்று எழுதினால் யாருக்கு வலது என்ற சந்தேகம் வேறு. படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கரண்டிகள் இரண்டை டிரம் குச்சியாகப் பிடித்து, சமையலறையில் நாலு அடி நடந்து பார்த்தார். மகள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

'நீ இரண்டாம் வரிசையில் கடைசி ஆள். பார்க்கிற எனக்கு வலது ஓரம், நடக்கிற உனக்கு இடது கைப்பக்கம். நடைபாதைக்கு ஓர் அடி தள்ளி இருக்கிறாய். உன் வலது பக்கம் ஓர் ஆள் இடம் காலி. மற்றவர்கள் முகம் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறது. இரண்டு பேர் மாடியைப் பார்க்கிறார்கள், ஒருவர் கொட்டாவி விடுகிறார். உன் தாடை நிமிர்ந்திருக்கிறது. இரண்டு குச்சிகளும் ஒரே உயரத்தில். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன். ஏன் ஓரத்தில் நிறுத்தினார்கள் என்று படத்தில் தெரியவில்லை.'

கடிதம் போய்ச் சேரப் பதினொரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் ஃபோன் வந்தது.

"பாட்டி, நேத்து கடுதாசி வந்துச்சு. அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் வந்தாரு. அவர்கிட்டயே கொடுத்துப் படிக்கச் சொன்னேன்."

பாட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ! பொத்தான்?"

"அதையும் கணீர்னு படிச்சாரு. ரெண்டு வரி தாண்டி, என் இடம் வந்ததும் குரல் உள்ள போயிடுச்சு."

"என்னடா சொன்னாரு?"

"அவரே பேசறாராம்."

தொண்டையைச் செருமிக்கொண்டு மாஸ்டர் வந்தார். "அம்மா, வணக்கம். தப்பு என்னோடதுதான். தம்பி தடுமாறினா பிடிக்க ஆள் வேணும்னு, நடைபாதை ஓரமா நிறுத்தி, கூடவே ஒருத்தரை நடக்க விட்டேன். சொன்னா வருத்தப்படுவானேன்னு நடுவுலன்னு சொல்லிட்டோம்."

"கூட நடந்தவர் படத்துல இல்லையே?"

"விளிம்புக்கு வெளிய போயிட்டாரும்மா."

பின்னாலிருந்து பேரனின் குரல் கேட்டது. "ஓரத்துல எனக்குப் பிடிமானமே இல்ல பாட்டி. ஒரு பக்கம் ஆள் தள்ளி நிக்கறாங்க, மறுபக்கம் கூட்டத்தோட சத்தம் வந்து தாளத்தையே அடிச்சுட்டுப் போகுது. நடுவுல விட்டா ரெண்டு தோளும் ஆள் மேல உரசும். எந்தப் பக்கம் திரும்பறாங்கன்னு தோளே சொல்லிடும். நடுவுன்னா இப்படித்தான் போலன்னு இவ்வளவு நாள் கேக்காம இருந்திருக்கேன்."

"அதான் இப்பக் கேட்டுட்டானேம்மா" என்றார் மாஸ்டர். "நேத்து சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துல வெச்சுப் பார்த்தோம். மீசைக்காரருக்கும் கொட்டாவிக்காரருக்கும் நடுவுல. ரெண்டு திருப்பம். ரெண்டுலயும் மத்தவங்கதான் தப்பா திரும்பினாங்க, தம்பி இல்ல."

பேரன் கடகடவென்று சிரித்தான். சின்ன வயதில் பேருந்தின் கடைசி இருக்கை தூக்கித் தூக்கிப் போடும்போது அவன் சிரித்த அதே சிரிப்பு. கடிதத்தைக் கேட்டு வருத்தப்பட்டாயா என்று கேட்க நினைத்திருந்த பாட்டி, கேட்கவில்லை.

"அம்மா, ஒரு சின்ன உதவி" என்று மாஸ்டர் மறுபடி வந்தார். "அந்த லெட்டர் இப்ப குழு முழுக்கச் சுத்துது. என்னைப் பத்தி இன்னும் ரெண்டு வரி எழுதக்கூடாதா? பொத்தான் தவிர?"

பாட்டி பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். "இருங்க மாஸ்டர், தெரிஞ்சாதானே எழுத முடியும். முதல்ல உங்க தொப்பியில இருந்து வர்றேன்."