மகளிடம் வாங்கிய கமிஷன்

என் வீட்டுக்காரர் எங்கள் மகளுக்கு மேனேஜராக இருந்தார். "பெத்த புள்ளைக்கு எதுக்குங்க மேனேஜரு?" என்று பென்னாகரம் கடைவீதியில் நிறுத்தி வைத்தே கேட்பார்கள். ஆனால் அவர் சும்மா பேருக்கு மேனேஜர் இல்லை, கையெழுத்துப் போட்ட மேனேஜர். பதினான்கு வயதில் டிவி பாட்டுப் போட்டியில் பாடிய பிறகு அவளுக்குத் திருவிழாக் கச்சேரிகள் வர ஆரம்பித்தன. பதினெட்டு வயது முடிந்ததும் ஆடிட்டர், "வாய்க்கணக்கெல்லாம் வேணாங்க, எழுதி வெச்சுக்குங்க" என்றார். பதினைந்து சதவீதம் கமிஷன் என்று ஒப்பந்தம் எழுதி அப்பனும் மகளும் கையெழுத்துப் போட்டார்கள். அதை அவரும் படிக்கவில்லை, அவளும் படிக்கவில்லை. நான் காபி போட்டுக் கொடுத்ததோடு சரி.

மனுஷன் உழைத்தார், அதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிப்போகும். விழாக் கமிட்டிக்காரர்களிடம் பேசி அட்வான்ஸ் வாங்குவது, வாத்தியக்காரர்களைச் சேர்ப்பது, கார் ஓட்டுவது எல்லாம் அவர்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் கன்னடத்திலேயே பேரம் பேசுவார். தருமபுரி நகைக்கடை ஒன்றின் வாசலில் வாரக்கணக்கில் நின்று, மூன்று வருஷ விளம்பர ஒப்பந்தத்தையும் மகளுக்கு வாங்கித் தந்தார். கூடவே கோபமும் இருந்தது. மைக் இரைந்தால் கமிட்டித் தலைவரின் சட்டையைப் பிடிக்கப் போவார். "அப்பா, நீங்க கத்துறது மேடை வரைக்கும் கேக்குதுப்பா. நான் எப்படிப் பாடறது?" என்று அவள் அழுத நாளும் உண்டு.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அவளைத் தேடி வந்தது. நாங்கள் மட்டுமே மேனேஜராக இருப்போம், பழைய ஒப்பந்தத்தை முறித்துவிட்டு வா என்றது. அவள் எனக்குப் போன் செய்து சொன்னாள். "அப்பாகிட்ட நீயே வாய் தொறந்து சொல்லுடி" என்றேன். "அப்பா முகத்தைப் பாத்தா எனக்கு வராதும்மா" என்றாள். கடைசியில் தபால்காரர்தான் சொன்னார். பதிவுத் தபாலில் நோட்டீஸ். அறுபது நாளில் ஒப்பந்தம் முடிகிறது என்று, அப்பனின் பெயரையும் அவர் அப்பன் பெயரையும் போட்டு, வீட்டு விலாசத்துக்கு மகள் அனுப்பியிருந்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாவி மனுஷன் கத்தவே இல்லை.

தருமபுரியில் எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்.

"நோட்டீஸ் சரியாத்தான் இருக்குதுங்க. வெலக்கறதுக்குப் பாப்பாவுக்கு உரிமை இருக்குது. ஆனா உங்க கமிஷன் அன்னிக்கோட நிக்காது. கெடு முடியறதுக்குள்ள நீங்க பேசி அட்வான்ஸ் வாங்கின கச்சேரிக்கெல்லாம் கமிஷன் உண்டு. அந்த நகைக்கடை விளம்பரமும் நீங்க கொண்டாந்தது. ரெண்டு வருசப் பாக்கி இருக்குதுங்களே, பணம் வர வர உங்க பங்கு வந்தாகணும். அதுக்கப்பறம் கடைக்காரரு புதுசா நீட்டிச்சா அதுல உங்களுக்கு இல்லீங்க."

ஒரு வாரம் கழித்து அதே அறையில் மகளும் வந்து உட்கார்ந்தாள். கம்பெனி ஆள் ஒருவர் காகிதத்தோடு வந்திருந்தார். ஒரு தொகையை இப்போதே மொத்தமாகத் தருகிறோம், இனி எந்தக் கமிஷனும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

"வேணாங்க," என்றார் என் வீட்டுக்காரர். "எழுதினபடியே குடுக்கட்டும்."

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏப்பா, கமிஷன்தான் பெருசாப் போச்சா? மாசாமாசம் வூட்டுச் செலவுக்கு நான் அனுப்ப மாட்டனா? கேட்டா குடுக்க மாட்டனா?"

"அது மக குடுக்கறது. நான் கேக்கறது என் வேலைக்கு."

"எல்லாரும் என்ன சொல்லுவாங்க? அப்பன் பொண்ணுகிட்ட கமிஷன் புடுங்கறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே வீம்பு, ஒரே மூக்கு" என்று அங்கேயே திட்டினேன். கம்பெனி ஆள் சுவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பக்கம் எனக்குப் புரிந்தது. அந்த எட்டு வருஷமும் அப்பன் பாசத்தில் திரிந்தான் என்று ஆகிவிடக் கூடாது, வேலை பார்த்தான் என்று இருக்க வேண்டும். அவள் பக்கமும் புரிந்தது. அப்பா தன்னைப் பிடித்து வைக்கக் காசைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஒருத்தருக்கொருத்தர் இதைச் சொல்லியிருந்தால் போதும். என் வயிற்றில் பிறந்ததும் சொல்லவில்லை, எனக்குத் தாலி கட்டியதும் சொல்லவில்லை. எழுதினபடியே கொடுப்பதாக அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்களோடு வீட்டுக்கு வராமல் அப்படியே சென்னைக்கு பஸ் ஏறினாள்.

பணம் ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு கச்சேரியும் முடிந்ததும் கணக்குச் சீட்டோடு கம்பெனியே அனுப்பியது. அட்வான்ஸ் வாங்கியிருந்த கச்சேரிகள் தீர்ந்த பிறகு, நகைக்கடைப் பணம் வரும்போது மட்டும் வந்தது. போனில் செய்தி மணி அடித்தால் என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பார்ப்பார். பேங்க் செய்தியாக இருக்கும். "வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பார். அவர் காத்திருந்தது அந்தச் செய்திக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். மகள் எனக்குத்தான் போன் பண்ணுவாள். "அப்பா சாப்ட்டாரா?" என்று கேட்பாள். "குடுக்கறேன், நீயே கேளு" என்றால் வேலை வந்துவிடும் அவளுக்கு. எட்டு மாதம் இப்படிப் போனது.

ஒருநாள் காலையில் ஒகேனக்கல் ரோட்டில் டீ குடிக்கப் போனவர் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. மகள் வந்து சேர்ந்தபோது, "அப்பா, கத்துங்கப்பா, ஒருதடவை கத்துங்கப்பா" என்று அவர் நெஞ்சில் விழுந்து கதறினாள். அந்தக் குரலை நான் சாகிறவரை மறக்க முடியாது.

காரியமெல்லாம் முடிந்து, தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வக்கீலிடம் போனோம். நகைக்கடை ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் மீதி இருந்தது.

"சாரு போயிட்டாருன்னு அந்தக் கமிஷன் போயிடாதுங்க," என்றார் வக்கீல். "அவரு சம்பாதிச்ச பங்கு. வாரிசுகளுக்கும் செல்லும்னு எழுதியிருக்குது. அவரோட தாயாரும் இல்ல, வாரிசு நீங்க ரெண்டு பேருதான். ஆளுக்குப் பாதி."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "குடுக்க வேண்டியவளே நான்தானுங்களே?"

"ஆமாம்மா. நீங்க குடுக்கற கமிஷன்ல பாதி, உங்க அப்பாகிட்ட இருந்து உங்களுக்கே வரும். வேணாம்னா அம்மாவுக்கு விட்டுக்குடுத்து எழுதிக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "இல்லீங்க, எனக்கு வேணும்," என்றாள். "எங்கப்பா பங்குன்னே எழுதி அனுப்பச் சொல்லுங்க."

இப்போது நகைக்கடைப் பணம் வரும்போதெல்லாம் அவள் சம்பளத்திலிருந்து கமிஷன் பிடிக்கிறார்கள். பாதி எனக்கு வருகிறது, பாதி அவளுக்கே திரும்பிப் போகிறது. அன்றைக்கு அவள் போன் பண்ணுவாள். "அம்மா, அப்பா பணம் அனுப்பிட்டாரு" என்பாள். அவருடைய போனை நான் இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் அது அடித்தது. திருப்பிப் பார்த்தால் மகளின் பெயர். நான் எடுக்கவில்லை, அடித்து முடியட்டும் என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.