எண்பத்து நாலாம் பக்கம்

எங்கள் வரலாற்றுத் துறையில் மூத்த பேராசிரியருக்குப் பட்டப்பெயர் 'பக்க எண்'. வாய்மொழித் தேர்வுக்கு அவர் எழுதும் ஒவ்வொரு கேள்விக்கும் அருகில், மாணவரின் ஆய்வேட்டில் அது எழுந்த பக்கம் குறிக்கப்பட்டிருக்கும். முன்கோபி, ஆனால் நேர்மையானவர்.

இந்த முறை முதுகலை மாணவி எடுத்துக்கொண்டது ஒரு கூட்டணி ஆட்சி கவிழ்ந்த கதை. உடன் தேர்வாளரான நான் பட்டியலைப் பார்த்தேன்.

"சார், பன்னெண்டு கேள்வியில எட்டுக்கு எண்பத்து நாலாம் பக்கம்னே போட்டிருக்கீங்க."

"ஏன், கேக்கக் கூடாதா?" என்று சீறினார்.

"ஒரு தடவை போதும் சார்."

அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பில், ஆட்சி கவிழ்ந்த காரணத்தைப் பேராசிரியரின் புத்தகம் தவறாகச் சொல்கிறது என்று அவள் எழுதியிருந்தாள்.

முகம் சிவந்து, ஏழு கேள்விகளை அவரே அடித்தார். அந்தப் பக்கத்துக்கு மிஞ்சியது ஒன்று: 'இதற்கு என்ன சான்று?'

தேர்வன்று அவள் அமைச்சரவைக் கூட்டக் குறிப்பின் நகலை எடுத்து வாசித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் கோப்பு உனக்கு எங்கம்மா கிடைச்சுது?"

அது பட்டியலில் இல்லாத கேள்வி.