வாங்கினால், வாடகைக்கு எடுத்தால்

ஆஸ்பத்திரிப் போர்வைகள் வெளுக்கும் அந்தச் சலவை நிலையத்தில் கணக்கு எழுதுபவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். வைத்தவன் அவள் கணவன்தான், அங்கேயே மெஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். "சில்லறை மீதியக்கூட விடமாட்டா" என்று ஊரெல்லாம் பெருமையடிப்பான். எனக்கென்னவோ அப்படிப்பட்டவளைக் கண்டால் கொஞ்சம் பயம்தான்.

பெரிய சலவை மெஷின் ஒருநாள் உயிரை விட்டது. அந்த வருட மூலதன பட்ஜெட்டில் புதிதாக ஒன்றுக்கு இடம் இருந்தது. சொந்தமாக வாங்குவதா, ஏழு வருடக் குத்தகைக்கு எடுப்பதா என்று ஒப்பிட்டுத் தரச் சொன்னார் முதலாளி.

வாங்கும் பக்கத்தில் விலையையும் உதிரி பாகச் செலவையும் போட்டாள். ஏழாம் வருடம் விற்றால் வரும் தொகையைக் கழித்தாள். குத்தகைப் பக்கத்தில் வாடகை மட்டும். பழுது பார்ப்பது குத்தகைக்கு விடும் கம்பெனியின் பொறுப்பு. பின்னால் கொடுக்கிற பணத்துக்கு இன்று அவ்வளவு மதிப்பில்லை என்பதால், எல்லாவற்றையும் வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தாள். வாங்குவதுதான் மலிவு, ஆனால் கொஞ்சம்தான்.

அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். எதை எடுத்தாலும் மாறாத செலவு ஒப்பீட்டில் வராது. அதனால் கணவன் சம்பளத்தை அவள் எந்தப் பக்கமும் போடவில்லை. சரியான முறைதான். ஆனால் புருஷனுக்காக மறைத்தாள் என்று நாளைக்கு யாராவது வாய்விட்டால்? அந்தப் பேச்சுக்குப் பயந்து முதலாளி அறைக்குப் போனாள்.

"குத்தகைக்கு எடுத்தாலும் மெக்கானிக் சம்பளம் போயிட்டுதானே சார் இருக்கும்? உறுதியா சொன்னீங்கன்னா முடிச்சுடுவேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

"நான் இத யோசிக்கவே இல்லம்மா. சர்வீஸ அவங்களே பாத்துட்டா நமக்கு எதுக்குத் தனியா ஆளு?"

"மத்த மெஷினெல்லாம் இருக்கே சார்?"

"அதுக்குக் கூப்பிட்டா வர்ற ஆள் போதும். அந்தச் செலவையும் சேத்துப் போடுங்க. கஷ்டமாத்தான் இருக்கு... ஆனா கணக்குன்னு வந்துட்டா நீங்களே விடமாட்டீங்களே."

அவள் மேசைக்குத் திரும்பி, மெஷின் வாங்கும் பக்கத்தில் கணவன் சம்பளத்தைச் சேர்த்தாள். வெளி ஆளுக்கான கூலியையும், கணவனை வேலையைவிட்டு அனுப்பும்போது கொடுக்கும் தொகையையும் குத்தகைப் பக்கத்தில் சேர்த்தாள். குத்தகை பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. எங்காவது பிழை இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே திரும்பக் கூட்டினாள். பிழை இல்லை.

அடுத்த வாரம் அவன் ஸ்பேனர் பையோடு வீட்டுக்கு வந்தான். பையை வாசலிலேயே வைத்தான்.

"என் சம்பளம் அந்தக் கணக்குல எப்படிடி வந்துச்சு?"

"நான்தாங்க கேட்டேன்." அவள் அழுதாள். "கேக்காம இருந்திருந்தா அவருக்குத் தோணியே இருக்காது."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கைகழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"நான் இல்லாம அவங்களுக்கு எவ்ளோ மிச்சம்?"

கடைசி இலக்கம்வரை அவளுக்குத் தெரியும்.

"தெரியலங்க" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. எழுந்து உள்ளே போனான்.