படத்தின் கீழே மூன்று வரிகள்

நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் தேறவில்லை. ஊரெல்லாம் நம்புவதுபோல் கல்லூரிப் படிப்பை நான் யாருக்காகவும் துறக்கவில்லை. துறப்பதற்கு என்னிடம் எதுவுமே இருக்கவில்லை!

இருபது ஆண்டுகள் வாய்க்குள் வைத்திருந்ததை வெளியே துப்பிவிட்டேன்... நீங்கள் என்னை வெறுக்கலாம். ஆனால் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். இதைவிடப் பெரியது பின்னால் இருக்கிறது.

என் பெயர் சவரிமுத்து. திருச்சிராப்பள்ளி பாலக்கரையில் குடியிருக்கிறேன். ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எனக்கு நான்கு வயது இளையவள் தங்கை ரோசம்மாள். அவளுக்கும் மூன்று வயது இளையவன் தம்பி அருளப்பன். நான் பரீட்சை எழுதிய வருஷத்துக் கோடையில் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார்.

அந்தக் காலத்துப் பரீட்சை முறை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பள்ளி இறுதிவரை படித்த எல்லோருக்கும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்று ஒன்று கொடுப்பார்கள். மதிப்பெண்களும் தலைமையாசிரியர் கையெழுத்தும் அதில் இருக்கும். ஆனால் புத்தகம் கையில் இருந்தால் மட்டும் கல்லூரியில் இடம் கிடைத்துவிடாது. சர்க்கார் கெஜட்டில் ஒரு பட்டியல் வரும். அதில் உங்கள் எண் இருந்தால்தான் நீங்கள் 'எலிஜிபிள்', கல்லூரிக்குத் தகுதி பெற்றவர். பத்திரிகைகள் அந்தப் பட்டியலை எடுத்துப் போடும். வெறும் எண்கள், பெயர் இராது.

தெப்பக்குளத்தருகே ஒரு வாசகசாலையில் நின்றுகொண்டு அந்தப் பத்திரிகையைப் பார்த்தேன். எனக்கு முந்திய எண் இருந்தது. எனக்கு அடுத்த எண்ணும் இருந்தது. நடுவில் நான் இல்லை! ஆங்கிலத்தில் கவிழ்ந்திருந்தேன் என்பது பிறகு புத்தகம் வந்தபோது தெரிந்தது.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேனோ! வாசலில் நுழைந்தபோது மாமா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பையன் பாஸாயிருப்பான், அதுல சந்தேகமில்ல. ஆனா காலேஜ்னா சம்பளம், புத்தகம், துணிமணி... மூணு பேரையும் படிக்க வைக்க நம்மால ஆகுமா, சொல்லு?"

அம்மா என்னைப் பார்த்தாள். அழுது அழுது சிவந்த கண்கள். என் வாய் தானாகத் திறந்தது.

"நான் காலேஜுக்குப் போகலம்மா. தம்பியும் தங்கச்சியும் படிக்கட்டும். நான் வேலைக்குப் போறேன்."

கவனித்தீர்களா? நான் தேறினேன் என்று சொல்லவே இல்லை! பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு சொல்லும் கிடையாது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். மாமா தோளில் தட்டினார். பதின்மூன்று வயது ரோசம்மாள் என்னை அண்ணாந்து பார்த்தாள். மாதா கோவில் பீடத்தை அப்படித்தான் பார்ப்பாள். ஒரு மணி நேரத்துக்கு முன் எதற்கும் உதவாதவனாக இருந்தேன். இப்போதோ... ஆகா! அந்தப் போதையை என்னால் விவரிக்க முடியாது.

என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் பெட்டியின் அடியில் போயிற்று. வக்கீல் என் கையெழுத்து அழகைப் பார்த்தே வேலை கொடுத்தார், புத்தகத்தைக் கேட்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து ரோசம்மாள் பரீட்சை எழுதினாள். அவள் எண் பட்டியலில் இருந்தது!

பத்திரிகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். "அண்ணே, எலிஜிபிள்! நான் எலிஜிபிள்!" நம் ஊரிலேயே பெண்களுக்குக் கல்லூரி இருந்தது. இன்டர்மீடியட் சேர வேண்டும், பிறகு பி.ஏ. என்று மூச்சு விடாமல் சொன்னாள். கன்யாஸ்திரீகளிடம் கேட்டால் பாதிச் சம்பளச் சலுகைகூடக் கிடைக்கும் என்றாள். எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள்.

அருளப்பன் அப்போது பள்ளியில் நடுவகுப்பில் இருந்தான். இவள் கல்லூரி முடிப்பதற்குள் அவன் கல்லூரி வாசலில் நிற்பான். என் ஒருவன் சம்பளம் போதாதுதான். ஆயினும் வழி தேடியிருக்கலாம் அல்லவா? நான் தேடவில்லை. ஏன்? என்னால் ஏற முடியாத படியில் என் தங்கை ஏறுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வேறென்ன!

"நான் விட்டுக்கொடுக்கலையா ரோசா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் ஓட்டம் நின்றது. பத்திரிகையை மடித்தாள்.

"சரிண்ணே. அருள் படிக்கட்டும்."

அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் பயிற்சி பெறாத ஆசிரியையாகச் சேர்ந்தாள். காலையில் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டிப் போவாள். பொழுது சாயத் திரும்புவாள். அவள் சம்பளமும் என் சம்பளமும் சேர்ந்துதான் அருளப்பனைக் கல்லூரிக்கு அனுப்பின.

அருளப்பன் பி.ஏ.யில் முதல் வகுப்பில் தேறினான்! தெருவே எங்கள் வீட்டில் கூடிற்று. எங்கள் சபையார் நடத்திய மாதப் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது: குடும்பப் படம் ஒன்றும், அதன் கீழே போட மூன்று வரிகளும் அனுப்பவும், படத்தை அச்சிடும் பிளாக் பக்கத்தை அடைத்துக்கொள்ளும், நான்காவது வரிக்கு இடமில்லை.

ஸ்டூடியோவுக்குப் போனோம். அம்மாவும் நானும் நாற்காலிகளில். பட்டமளிப்பு அங்கியோடு அருளப்பன் எனக்குப் பக்கத்தில். ரோசம்மாள் பின்னால் நின்றாள். படத்தின் பின்புறம் அருளப்பன் பென்சிலால் எழுதினான். இதோ, ஓர் எழுத்து விடாமல் எனக்கு நினைவிருக்கிறது:

"பி.ஏ. பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிய திருச்சிராப்பள்ளி அருளப்பன். தம் மேற்படிப்பைத் துறந்து தம்பியைப் படிக்கவைத்த தமையனார் சவரிமுத்து அவர்களுக்கும், அவ்வாறே துறந்த தமக்கையார் ரோசம்மாள் அவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவிக்கிறார்."

"நாலு வரி வருது போலிருக்கேண்ணே. நீங்களே சுருக்கி எழுதிடுங்க. உங்க கையெழுத்துன்னா அச்சுக் கோக்கிறவங்களுக்குச் சிரமமில்ல."

நான் சுருக்கினேன். எதை எடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? பரீட்சைப் பெயரைக் குறைத்திருக்கலாம். ஊர்ப் பெயரை விட்டிருக்கலாம். 'நெஞ்சார்ந்த' என்பதை வெட்டியிருக்கலாம்! நான் ரோசம்மாளை வெட்டினேன். உண்மையாகத் துறந்தவளை, துறக்காதவன் கையால்...

பத்திரிகை வந்தது. முதலில் பார்த்தவன் அருளப்பன்தான்.

"அக்கா பேரைக் காணோமே!"

"இடமில்லன்னு அங்க எடுத்திருப்பாங்கடா."

ரோசம்மாள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அந்த மூன்று வரிகளை உரக்கப் படித்தாள். அம்மாவுக்காக இன்னொரு முறை படித்தாள். பக்கத்து வீட்டாரை அழைத்து மீண்டும் படித்தாள். படத்தைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டியவளும் அவள்தான்.

அதோடு முடிந்திருந்தால்! பத்தே நாளில் ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. அங்கே பொறுப்பிலிருந்த சாமியார் படத்தின் கீழிருந்த வரிகளைப் படித்து மனம் உருகிவிட்டாராம். 'தம்பிக்காகப் படிப்பைத் துறந்தவர் இப்போதாவது படிக்கட்டும். இன்டர்மீடியட் வகுப்பில் ஓர் இடம், சம்பளம் இல்லாமல். வெள்ளிக்கிழமைக்குள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு வரவும்.'

வீடு திருவிழா ஆயிற்று! ரோசம்மாள் கோடு போட்ட நோட்டுகள் வாங்கி வந்து அட்டை போட்டாள். "இருபத்தெட்டு வயசு ஒரு வயசாண்ணே? நீங்க போங்க, வீட்டை நான் பாத்துக்கறேன்," என்றாள். "உங்க புத்தகம் எங்க? தூசி தட்டி வைக்கிறேன்."

"ஆபீஸ்ல இருக்கு," என்றேன்.

வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு போனேன். சாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் படியேறினேன்; சத்தியமாக அப்படித்தான்! அவர் எழுந்து வந்து என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"உம்மைப்போல ஒருத்தரைப் பாக்கறதே பாக்கியம்."

உண்மை வெளியே வரவில்லை. அதற்குப் பதிலாக என்ன வந்தது தெரியுமா?

"எனக்கு வயசாயிடுச்சு, சாமி. இந்த இடத்தை ஏழைப் பையன் யாருக்காவது கொடுங்க."

இரண்டாம் முறையும் துறந்துவிட்டேன், என்னுடையதல்லாத ஒன்றை! அவர் கண்கள் கலங்கின. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"உம்ம வீட்ல எலிஜிபிள் ஆகியும் படிக்காம நின்னவங்க வேற யாராவது இருக்காங்களா? பெண்பிள்ளையா இருந்தாலும் சரி. கன்யாஸ்திரீகள் காலேஜுல நான் ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கேட்பானேன்! ஒரு பெயர்தானே சொல்ல வேண்டும்? ஆனால் அவள் புத்தகம் அந்த மேஜைமேல் வந்தால், 'உம்முடையது எங்கே' என்று கேட்பார்களே... அவளும் துறந்தவள் என்று தெரிந்தால், படத்தின் கீழே ஏன் அவள் பெயர் இல்லை என்பார்களே... ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் இவ்வளவும் என் மூளையில் ஓடின.

"இல்ல, சாமி," என்றேன். "யாருமில்ல."

இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றவை எல்லாம் கோழைத்தனம். இது ஒன்று கொலை. பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெற எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டிருக்கிறேன். சின்னச் சின்னப் பொய்களை எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

அந்த இடம் துறையூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. அடுத்த மாதப் பத்திரிகையில் என்னைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பே வந்தது. கோவிலில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். விவாகப் பேச்சுகளில், பாகப்பிரிவினைகளில், "சவரிமுத்துவைக் கேளுங்க, தியாகி," என்றார்கள். நானும் போய் உட்கார்ந்து நியாயம் சொன்னேன்!

யுத்தம் வந்து ஓய்ந்தது. அம்மா போய்விட்டாள். அருளப்பன் சென்னையில் உத்தியோகத்திலிருக்கிறான். ரோசம்மாள் மணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குப் பின் வேலைக்கு வந்த பயிற்சி பெற்ற பெண்கள் தலைமையாசிரியைகள் ஆகிவிட்டார்கள். அவள் இன்னும் ஒன்றாம் வகுப்பில் அகரம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள்.

போன வாரம் அவளுக்குக் கால் வீக்கம். தனியே பஸ் ஏற முடியாது என்று நானும் ஸ்ரீரங்கம் வரை போனேன். பாலத்தில் பஸ் ஊர்ந்தது. காவிரி இரு கரையும் தொட்டு ஓடிற்று. சொல்லிவிட வேண்டும், இன்றே, இந்தப் பாலம் முடிவதற்குள்! என்று மனம் துள்ளியது.

"ரோசா, அப்போ காலேஜுக்குப் போகலைன்னு உனக்கு வருத்தமில்லையா?"

அவள் சிரித்தாள்.

"இருந்துச்சுண்ணே. ரொம்ப நாள் இருந்துச்சு. அப்பல்லாம் உங்களை நினைச்சுக்குவேன். நீங்களே விட்டீங்கன்னுதான் எனக்கும் விட மனசு வந்துச்சு. இல்லேன்னா நான் சண்டை போட்டாவது போயிருப்பேன்."

பஸ் பாலத்தைத் தாண்டியது. அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். நான்கு சிறுமிகள் "டீச்சர்! டீச்சர்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருத்தி பையை வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி என்னைக் காட்டி, யார் என்று கேட்டாள்.

"எங்க அண்ணன்," என்றாள் ரோசம்மாள், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. "கும்பிடுங்க எல்லாரும்!"

நான்கு பேரும் கும்பிட்டார்கள். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்... சொல்லவில்லை.