எழுபத்தைந்து காட்டிய மீட்டர்

உலர்த்தும் அறைகளுக்கான ஹீட்டர்களைக் கணக்குப் போட்டு வடிவமைப்பதில் அவளுக்குப் பதினெட்டு வருட அனுபவம். பட்டறையில் அவளைக் ‘கணக்கு மேடம்’ என்றே சொல்வார்கள்.

புது ஹீட்டரை ஓட்டிப் பார்த்த அன்று, நீராவிக் குழாய்களைக் கடந்து வரும் காற்று அறுபது டிகிரியில் இருக்கும் என்பது அவள் கணக்கு. மீட்டர் எழுபத்தைந்து காட்டியது.

“சென்சாரை ஒழுங்கா மாட்டத் தெரியாதாண்ணே?” என்று எல்லோர் முன்னாலும் ஃபிட்டரைக் கேட்டாள். தலை நரைத்த அந்த மனிதர் மூன்று தடவை கழற்றி மாட்டினார். எழுபத்தைந்து அசையவில்லை.

மேசைக்குத் திரும்பித் தன் கணக்குத் தாளை மறுபடி பார்த்தாள். தனியாக நிற்கும் ஒற்றைக் குழாய்க்கான சூத்திரத்தை, வரிசை வரிசையாக நிற்கும் குழாய்களுக்குப் போட்டிருந்தாள். குழாய் இடுக்குகளில் புகும் காற்று வேகமெடுக்கும். முன்வரிசைகள் கலக்கிவிட்ட காற்று பின்வரிசைகளிலிருந்து இன்னும் அதிகமாக வெப்பத்தை வாங்கும். சரியாகப் போட்டபோது, குழாயிலிருந்து காற்றுக்கு வெப்பம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று காட்டும் சராசரி வெப்பப் பரிமாற்றக் குணகம் முன்பு போட்டதைப் போல் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு வந்தது; காற்றின் வெப்பமும் எழுபத்தைந்து என்றே வந்தது.

பட்டறைக்குப் போய், அதே ஆட்கள் முன்னால், “தப்பு என்னோடதுண்ணே. உங்க வேலை சரியாத்தான் இருந்துச்சு” என்றாள்.

“விடுங்க மேடம்” என்றார் அவர். “முப்பது வருஷமா செஞ்ச வேலை எனக்கே மறந்துபோச்சோன்னு கொஞ்ச நேரம் பயந்துட்டேன், அவ்வளவுதான்.”

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.