ரிஹாப் அழித்த ஒரு வரி

ரிஹாபுக்கு எதுவும் இறைந்து கிடந்தால் பிடிக்காது. ஸல்ட் ஊரில் அவள் பிறந்த வீட்டில் ஆறு பிள்ளைகள், இரண்டே அறைகள். வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கும் வேலையை எட்டு வயதில் அவளாகவே எடுத்துக்கொண்டாள். நாற்பதை நெருங்கியும் அந்தக் குணம் போகவில்லை. தலைநகர் அம்மானில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாராவது தேநீர்க் கோப்பையைக் கழுவாமல் விட்டால், திட்டிக்கொண்டே அவள்தான் கழுவுவாள். அவள் எழுதும் நிரலும் அப்படித்தான், துடைத்து வைத்த மேஜை மாதிரி இருக்கும்.

டயாலிசிஸ் நோயாளிகளை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்ப வீட்டில் விடுகிற சின்ன நிறுவனம் அது. எந்த நாளில் யாரை எங்கிருந்து ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் ரிஹாப் எழுதிய நிரலிடம் இருந்தது. மற்றவர்களின் நிரல்கள் அதைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு ஏபிஐ வைத்திருந்தாள். அதை எப்படிக் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்பதற்கு விளக்கப் பக்கம் எழுதியதும் அவள்தான். வெளியாள் யாரும் பார்க்கப்போவதில்லை, அலுவலகத்துக்குள் நாலு பேர் படிப்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பக்கத்தை அவள் பெண்ணுக்குத் தலை வாருவது போல வாரிவிட்டிருந்தாள்.

வாரியபோதுதான் அந்த வரி போனது. உதாரணத்துக்காக ஏபிஐயை ஒருமுறை கூப்பிட்டு, வந்த பதிலை அப்படியே பக்கத்தில் ஒட்டினாள். அன்றைக்கு முப்பத்தெட்டு நோயாளிகள். பதிலின் கடைசியில் ‘நெக்ஸ்ட்’ என்று ஒரு புலம், அதற்கு எதிரே ‘நல்’. அதாவது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஒரு வரி என்று அழித்தாள். கீழே புலங்களை விளக்கும் அட்டவணையை அந்த உதாரணத்தைப் பார்த்தே எழுதியதால் அதிலும் நெக்ஸ்ட் வரவில்லை.

ஒரு தடவைக்கு ஐம்பது பேரைத்தான் அந்த ஏபிஐ தரும். அதற்கு மேல் இருந்தால் நெக்ஸ்டில் ஒரு அடையாளக் குறி வரும். அதைத் திருப்பி அனுப்பிக் கேட்டால் மீதிப் பேர் வருவார்கள். நெக்ஸ்ட் நல் ஆகும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்ததே ரிஹாப்தான். தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைப்பதில் படித்தவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஒன்றரை வருஷம் எந்த நாளும் ஐம்பதைத் தாண்டவில்லை. பெருநாள் விடுமுறைக்காக ஆஸ்பத்திரி இரண்டு நாள் ஆட்களை ஒரே புதன்கிழமையில் சேர்த்தபோது அறுபத்து மூன்று ஆனது. ஐம்பது வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. பதின்மூன்று வீட்டுக்கு வரவில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கு ரிஹாப் பையைக் கூட இறக்கவில்லை, வேன்களை அனுப்பும் மனால் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஸர்காவுல ஒரு டீச்சரம்மா, போர்வையும் பையுமா ஆறு மணியிலேர்ந்து பத்து மணி வரைக்கும் வாசப்படியிலயே உக்காந்திருக்காங்க. வேன் வந்துரும், வந்துரும்னு. கடைசில மகன் டாக்ஸில கூட்டிட்டுப் போனான். கால் ரெண்டும் வீங்கிப்போச்சாம்.”

“மத்தவங்க?”

“எல்லாருக்கும் சாயங்காலத்துக்குள்ள டயாலிசிஸ் நடந்துருச்சு. ஆனா எனக்கு வந்த திட்டு இருக்கே, அதுல ஒரு குடும்பத்துக்கே பங்கு வைக்கலாம். டிரைவர் ஆப்புல பேரே வரலயாம். பத்து மணிக்கு அபூ சனதை நபீல் சார் காய்ச்சப்போறாரு.”

எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று ரிஹாப் கேட்கவில்லை. அறுபத்து மூன்றில் ஐம்பதைக் கழிக்க அவளுக்கு ஆள் வேண்டாம்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தைத் திறந்தாள். நெக்ஸ்டைத் திரும்ப உதாரணத்தில் சேர்த்தாள். அட்டவணையில் ஒரு வரி, மேலே ‘ஒரு தடவைக்கு ஐம்பது பேர் மட்டும்’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. சேமித்தாள். இன்னொருவர் இதே குழியில் விழக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். முழு உண்மை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அபூ சனதின் உண்மைப் பெயர் ஃபவ்வாஸ். பதினெட்டு வருஷம் டாக்ஸி ஓட்டி, முதுகு போன பிறகு நாற்பத்தாறு வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்ட மனிதர். டிரைவர் ஆப் அவர் பொறுப்பு; ரிஹாபின் விளக்கப் பக்கத்தைப் பார்த்துத்தான் அதை எழுதினார். எதையும் காகிதத்தில் அச்சடித்து, பென்சிலால் கோடு போட்டுத்தான் படிப்பார். “இதென்ன தாலுகா ஆபீஸா, அபூ சனத்?” என்று எல்லாரும் சீண்டுவார்கள். “டயரு மாத்தறதுக்கு முன்னாடி ஜாக்கியைத் தொட்டுப் பாக்கணும் தம்பி” என்பார்.

பத்து மணிக்குக் கூட்டத்தில், நிறுவனத்தை நடத்தும் நபீல் சார் அந்த விளக்கப் பக்கத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்.

“அபூ சனத், இத வாசிங்க. தடியா எழுதியிருக்கு. ஐம்பது பேர் மட்டும். வேற என்ன எழுதணும் இவங்க? பாட்டாப் பாடணுமா?”

ஃபவ்வாஸ் சுவரைப் பார்த்தார். மடியிலிருந்த கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். காது மடல் சிவந்துபோனது. கோப்பை மூடிவிட்டார்.

“நான்தான் சரியாப் படிக்கல சார். என் தப்பு.”

“உங்க தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? உங்க ஆறு மாச வேலை ஒப்பந்தம் இந்த மாசம் முடியுது. ஆஸ்பத்திரிக்கு நான் என்ன பதில் சொல்ல?”

ரிஹாப் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தானாக முடிந்துவிடும். பக்கம் சரியாக இருக்கிறது, ஆளும் ஒப்புக்கொண்டாயிற்று. எல்லாம் அடுக்கி வைத்தது போல இருந்தது. அந்த ஒழுங்கு அவளுக்கே குமட்டியது.

“சார், மேல திருத்த வரலாறுன்னு இருக்கும். அதத் திறங்க.”

“எதுக்கும்மா?”

“திறங்க சார்.”

திறந்தார். கடைசித் திருத்தம், இன்று காலை எட்டு மணி இருபது நிமிஷம். எதிரே அவள் பெயர்.

“ஐம்பதுங்கற வரி இன்னிக்குக் காலைல வந்தது. அவர் படிச்சப்ப இல்ல. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி உதாரணத்துலேர்ந்து நெக்ஸ்டை அழிச்சது நான். ஐம்பதுன்னு எழுதாம விட்டதும் நான். விஷயம் தெரிஞ்சதும் சத்தமில்லாம சேத்துட்டேன். ஒப்பந்தத்துல கை வைக்கறதா இருந்தா என்னோடதுல வைங்க.”

நபீல் சார் சுவரிலிருந்த பக்கத்தை மூடினார். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகும் கடிதத்தை அவளே எழுத வேண்டும், பதின்மூன்று வீட்டுக்கும் அவளே போன் செய்ய வேண்டும் என்றார். ஃபவ்வாஸின் ஒப்பந்தத்தைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை.

வெளியே வந்து நடைக்கூடத்தில் அவரை நிறுத்தினாள்.

“அண்ணே, கைல காகிதம் இருந்துச்சுல்ல? அதுல அந்த வரி இல்லையே. ஏன் காட்டல? என்னைக் காப்பாத்தவா?”

ஃபவ்வாஸ் காகிதத்தை எடுத்து நீட்டினார். வரிக்கு வரி பென்சில் கோடு. ஓரத்தில் அவர் கையெழுத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள். ‘பதில் இவ்வளவுதான்’ என்று உதாரணத்தின் கீழே எழுதியிருந்தார்.

“காப்பாத்தறதெல்லாம் இல்ல தங்கச்சி. அப்படி ஒண்ணு எனக்குத் தோணவே இல்ல. உன் பக்கத்துல தப்பே இருக்காதுன்னு நெனச்சேன். பிரிண்டர்தான் அந்த வரிய முழுங்கிருச்சு போலன்னு இருந்துட்டேன்.”